மாலை ஆறு மணிக்குக் கட்டிய கயிறு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்குள் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் நுழைந்தால், பஞ்சிங் மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே அதன் இந்தி வடிவம் இருக்கும். தையல் வரிசையில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தாளின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நான் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் எழுதிப் பழகியது இது:

“அனைத்துப் பணியாளர்களுக்கும். மார்ச் 30 மாலை 6 மணிக்கு இருப்பு நிறுத்தம். மார்ச் 31 காலை 8 மணிக்கு எண்ணிக்கை. விடுவிப்புத் தாள் ஒட்டப்படும் வரை நூல் குடோன், துணி குடோன், அக்சசரீஸ் ஸ்டோர், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகிய எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்துக்கும் சரக்கு நகரக் கூடாது. டி.சி., இன்வாய்ஸ், இஷ்யூ சீட்டு எதுவும் போடக் கூடாது. உள்ளே வரும் லாரி கேட் நோட்டில் பதிந்து, மேற்கு ஷெட்டில் கயிறு கட்டிய இடத்தில் மட்டும் இறக்கப்படும். கழிவு மூட்டை வெளியே போகாது. பீஸ் ரேட் தொழிலாளர்களுக்கு அன்று நாள் கூலி உண்டு.”

வாசிக்கிறவருக்கு இது ஒரு கட்டளைத் தாளாகத்தான் தெரியும். ஆனால் இதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்த முதல் இருப்பு எடுப்புக்கு ஒற்றை வரி அறிவிப்புதான் வந்தது. நாளை ஸ்டாக் எடுப்பு, எல்லோரும் வரவும், அவ்வளவே. மணி குறிப்பிடவில்லை. எது நகரலாம், எது நகரக் கூடாது என்று ஒரு சொல் இல்லை. மறுநாள் நூல் குடோனில் முப்பதாம் நம்பர் நூலை எண்ணினோம். மூட்டை ஒவ்வொன்றும் 50 கிலோ. கம்ப்யூட்டரில் 412 மூட்டை இருந்தது. குடோனில் 380 தான் இருந்தது. 32 மூட்டை குறைவு. கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 4 லட்ச ரூபாய்.

ஸ்டோர் கீப்பர் பல வருடம் அங்கேயே இருந்தவர். எல்லோருக்கும் அண்ணன். அன்று மாலை முதல் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் 380. “எண்ணினது தப்பில்லைங்க, ஆனா எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலைங்க” என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. நாங்கள் கணக்குக்காரர்கள் ஒரு வாரம் நோட்டுகளைப் புரட்டினோம். தேடியது 32 என்ற எண்ணை. 32 மூட்டை போன டி.சி. இருக்கிறதா, 32 மூட்டை வந்த பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று. எங்கேயும் இல்லை.

கிடைக்காததற்குக் காரணம், 32 என்ற எண் எந்தத் தாளிலும் இருக்கவே இல்லை என்பதுதான். அது இரண்டு தவறுகளின் வித்தியாசம்.

முதல் தவறு முந்தைய நாள் மாலையில் நடந்தது. நிட்டிங் யூனிட்டுக்கு 40 மூட்டை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். லாரி ஐந்தரை மணிக்கு ஏற்ற ஆரம்பித்து எட்டு மணிக்குக் கிளம்பியது. கம்ப்யூட்டரில் பதிவு போடும் பையன் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான். கையால் எழுதிய டி.சி.யோடு வண்டி போனது. சரக்கு வெளியே போய்விட்டது, கணக்கு அப்படியே நின்றது. அந்த 40 மூட்டையைக் கழித்தால் புத்தக இருப்பு 372 ஆகியிருக்க வேண்டும்.

அப்படியானால் எண்ணியதில் 8 மூட்டை கூடுதல் அல்லவா? அது இரண்டாவது தவறு. எண்ணிக்கை நாள் காலை பத்து மணிக்கு மில்லிலிருந்து 60 மூட்டையோடு ஒரு லாரி வந்தது. இன்று இறக்கினால் கணக்கில் ஏற்ற வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தி, வெளியே இறக்கச் சொன்னார்கள். நடுவில் கோடை மழை பிடித்தது. “நனைஞ்சுரும்னு ஓரத்துல இருந்த எட்டு மூட்டைய உள்ள எடுத்து வெச்சோம்ங்க” என்று சுமை தூக்கும் தம்பி ஒருவர் பல நாள் கழித்துச் சாதாரணமாகச் சொன்னார். செய்தது நல்ல காரியம்தான். ஆனால் எண்ணும் குழு அந்த எட்டையும் சேர்த்து எண்ணிவிட்டது. 380-லிருந்து 8 போனால் 372. புத்தகமும் குடோனும் ஒரு மூட்டை பிசகாமல் ஒத்துப்போயின.

ஒரு மூட்டைகூடக் காணாமல் போகவில்லை. காகிதம் ஒரு நேரத்தில் நின்றது, சரக்கு இன்னொரு நேரத்தில் நின்றது. இருப்பு நிறுத்த அறிவிப்பு செய்யும் வேலை முழுவதும் இந்த இரண்டையும் ஒரே மணியில் நிற்க வைப்பதுதான். சரக்கை மட்டும் நிறுத்திவிட்டுக் காகிதத்தை ஓட விட்டாலும் குழப்பம்தான். இரண்டில் எது முந்தினாலும் இல்லாத திருட்டு ஒன்று பிறக்கும், அல்லது இருக்கிற திருட்டு ஒன்று மறையும்.

கதை அதோடு முடியவில்லை. அந்த 40 மூட்டை எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா? நிட்டிங் யூனிட்டில் இரவு ஆள் இல்லை. லாரி வாசலில் நின்று, மறுநாள் காலைதான் இறக்கினார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டிருந்த இருப்புக் கடிதத்தில் முப்பதாம் தேதி இரவு நிலவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இந்த 40 இல்லை. எங்கள் குடோனிலும் இல்லை, அவர்கள் கடிதத்திலும் இல்லை. ஆனால் நூல் எங்களுடையது. வழியில் இருந்த சரக்கு என்று தனியாகச் சேர்க்காமல் விட்டிருந்தால் 2,000 கிலோ நூல், அதே விலையில் 5 லட்ச ரூபாய், வருடக் கணக்கிலிருந்தே விழுந்திருக்கும். கடைசி நாள் இருப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு செலவு கூடும், லாபம் குறையும். அடுத்த வருடம் அந்த நூல் எங்கிருந்தோ முளைத்தது போல வந்து நிற்கும்.

அதனால்தான் நிறுத்த மணி அடித்தவுடன் கணக்குப் பிரிவு செய்யும் முதல் வேலை எண்ணுவது அல்ல, எழுதுவது. ஒவ்வொரு நோட்டிலும் கடைசியாகப் போட்ட எண் எது என்று குறித்துக்கொள்வார்கள். கடைசி டி.சி. எண், கடைசி இன்வாய்ஸ் எண், சரக்கு வரவுச் சீட்டின் கடைசி எண், உள்ளே இஷ்யூ செய்த சீட்டின் கடைசி எண், கேட் நோட்டில் கடைசி வண்டி. அடுத்த வெற்றுச் சீட்டின் மேல் குறுக்கே கோடு போட்டு ஸ்டோர் கீப்பரும் ஆடிட்டர் ஆபீஸ் ஆளும் கையெழுத்திடுவார்கள். கடைசி டி.சி. 1187 என்றால், 1187 வரை போன சரக்கு எதுவும் எண்ணிக்கையில் இருக்கக் கூடாது. 1188-ல் போகப் போகிற சரக்கு எல்லாம் இருந்தே ஆக வேண்டும். இந்த ஐந்தாறு எண்கள் கையில் இருந்தால், எங்கள் ஒரு வாரத் தேடலை அரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம்.

எது நகரக் கூடாது என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில், கம்பெனிக் கணக்கில் இருக்கும் எதுவும். ஆனால் நடைமுறையில் மனிதர்கள் சிக்கிக்கொள்வது சின்னப் பொருள்களில். பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் பனியன் இரண்டு கூரியரில் போகக் காத்திருக்கும். இரண்டு பீஸ்தானே என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தையல் வரிசையில் நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் ஸ்டோருக்கு ஓடுவார். செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ்களை ஆல்டர் பண்ணப் பக்கத்து வரிசைக்குத் தள்ளுவார்கள். இந்தப் பக்கம் எண்ணி முடித்த பிறகு அந்தப் பக்கம் தள்ளினால் அந்த பண்டில் இரண்டு தடவை எண்ணப்படும். எண்ணாத பக்கத்திலிருந்து எண்ணிய பக்கத்துக்கு வந்தால் ஒரு தடவைகூட எண்ணப்படாது.

பீஸ் ரேட் வரி அறிவிப்பில் இருப்பது இதற்காகத்தான். தைத்த பீஸுக்குக் கூலி வாங்குகிறவருக்கு, வேலை இல்லாத நாள் என்றால் பணம் இல்லாத நாள். கூலி பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், மெஷினில் பாதியில் இருக்கும் பண்டிலையாவது முடித்துவிடலாம் என்று அவர் தைப்பார். அது அவர் தவறு இல்லை. நாள் கூலி உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டால் பண்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் பார்த்தவரை, எண்ணிக்கையைக் காப்பாற்றுவதில் பூட்டைவிட அந்த வரிக்கு வலு அதிகம்.

கழிவு மூட்டைக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கட்டிங் கழிவு வீண் குப்பை அல்ல. அதை எடைக்கு வாங்கிப் பிரித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கும் மில்கள் இருக்கின்றன. எண்ணிக்கை நாளில் எல்லோர் கவனமும் குடோனுக்குள் இருக்கும். அப்போது கழிவு மூட்டைக்கு நடுவில் நல்ல துணி வெளியே போவது எளிது. போன பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே கழிவையும் எடை போட்டு, சீட்டு ஒட்டி, இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

நகரக்கூடியவையும் உண்டு. சொந்தச் சாயப்பட்டறை இருக்கும் கம்பெனியில், மெஷினுக்குள் பாதி சாயம் ஏறிய துணியை மாலை ஆறு மணிக்கு நிறுத்த முடியாது. நிறுத்தினால் சாயம் திட்டுத் திட்டாக ஏறி முழுத் துணியும் பாழாகும். அந்த லாட் ஓடி முடியலாம், ஆனால் இறக்கிய தள்ளுவண்டியிலேயே சீட்டோடு நிற்க வேண்டும், காயப்போடும் இடத்துக்குப் போகக் கூடாது. தூத்துக்குடியில் கப்பலுக்கு நேரம் நெருங்கிவிட்ட பெட்டிகள் இருந்தால், அவற்றை ஆறு மணிக்கு முன்பே இன்வாய்ஸ் போட்டு வெளியே அனுப்பிவிடுவது நல்லது. லாரி தாமதமாகி அன்றிரவு உள்ளேயே நின்றுவிட்டால், பெட்டிகளைத் தனியே அடுக்கி, இன்வாய்ஸ் எண்ணோடு, எந்த நிபந்தனையில் விற்றோம் என்பதையும் எழுதி வைப்பார்கள். உரிமை எப்போது பையருக்குப் போகிறது என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கும். கம்பெனி வாசலைத் தாண்டாத பெட்டி பெரும்பாலும் நம்முடையதாகவே இருக்கும், இன்வாய்ஸ் போட்டுவிட்ட ஒரே காரணத்தால் அது விற்றதாகிவிடாது. ஜெனரேட்டருக்கு டீசல், பழுது பார்க்க உதிரி பாகம், முதலுதவி மருந்து ஆகியவை தாராளமாக நகரலாம், ஒரு தனிச் சீட்டில் நேரத்தோடு எழுதினால் போதும்.

இன்னொரு கூட்டம் உண்டு, உள்ளே இருந்தும் நம்முடையது அல்லாத சரக்கு. பையரே அனுப்பிய லேபிள், வேறு கம்பெனி பிரிண்டிங்குக்காகக் கொடுத்த துணி, வாடகைக்கு எடுத்த மெஷின். இவற்றின் மேல் நிறுத்த மணிக்கு முன்பே வேறு நிறச் சீட்டு ஒட்ட வேண்டும். திருப்பூரில் இது நாலு மடங்கு முக்கியம், ஏனென்றால் இங்கே நூல் ஒரு இடத்தில், நிட்டிங் ஒரு இடத்தில், சாயம் ஒரு இடத்தில், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வேறு வேறு இடத்தில். ஒரு கம்பெனியின் இருப்பில் பெரிய பகுதி எந்த நாளிலும் பிறர் கூரைக்கு அடியில்தான் இருக்கும். அதனால் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் அறிவிப்பின் ஒரு நகல் போகும், எத்தனை மணி நிலவரத்தை எழுதித் தர வேண்டும் என்பதோடு. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே அனுப்பப்பட வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். சாயப்பட்டறை மூலையில் மறந்து கிடந்த துணி ரோல்கள் இந்தக் கடிதங்களால்தான் பலமுறை நினைவுக்கு வந்திருக்கின்றன.

எண்ணும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். குழுவில் இரண்டு பேர். ஒருவர் அந்த இடத்தை அறிந்தவர், மற்றவர் அந்த இடத்தோடு சம்பந்தமே இல்லாதவர். அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் புத்தக இருப்பு எழுதியிருக்கக் கூடாது. 412 என்று தெரிந்துவிட்டால், 409 வரை எண்ணியவர் மூன்றை எங்கோ விட்டிருப்போம் என்று 412 எழுதிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, மனம் அப்படித்தான் வேலை செய்யும். ஒவ்வொரு அடுக்குக்கும் வரிசை எண் போட்ட சீட்டு ஒட்டி, பாதியைக் கிழித்துக்கொள்வார்கள். கடைசியில் கொடுத்த சீட்டு அத்தனையும், கெட்டுப்போனவை உட்பட, திரும்பி வர வேண்டும். 500 கொடுத்து 499 வந்தால் ஒரு அடுக்கு கணக்கில் ஏறாமல் இருக்கலாம்.

எடையில் ஒரு நுணுக்கம். பருத்தி நூல் காற்றிலிருந்து ஈரம் வாங்கும். உலர்ந்த எடையில் 8.5 சதவீத ஈரம் இருப்பதாகக் கொண்டுதான் வணிகத்தில் எடை கணக்கிடுகிறார்கள். அது ஒன்றிரண்டு சதவீதம் மாறினாலே 50 கிலோ மூட்டையில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடும் அல்லது குறையும். ஆகவே கட்டுப் பிரிக்காத மூட்டையை எண்ணிக்கையில் எடுத்து, பிரித்த மூட்டையை மட்டும் எடை போடுவார்கள். அந்த எடையிலும் உள்ளே இருக்கும் காகிதக் கோனைக் கழிக்க வேண்டும். சில கிலோ வித்தியாசத்துக்கு ஸ்டோர்காரரைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். முழு மூட்டை வித்தியாசத்தை ஈரத்தின் மேல் போட்டுத் தப்பிப்பதும் அதே அளவு அநியாயம்.

எல்லா இடத்தையும் ஒரே நாளில் எண்ணுவதில் ஏன் இத்தனை பிடிவாதம்? இன்று ஒரு குடோன், நாளை ஒரு குடோன் என்று நிதானமாக எண்ணலாமே? 1963-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் துறைமுகத்தில் வெளிவந்த சமையல் எண்ணெய் மோசடி இதற்குப் பதில் சொல்லும். டினோ டி ஏஞ்சலிஸ் என்ற வியாபாரி, தொட்டிகளில் இருந்த எண்ணெயைக் காட்டிக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். தொட்டிகளில் பெரும்பகுதி தண்ணீர், மேலே மிதந்தது மட்டும் எண்ணெய். தொட்டிகளுக்கு இடையே குழாய்கள் இருந்ததால், பரிசோதகர்கள் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நடப்பதற்குள் அதே எண்ணெயை அங்கே பாய்ச்சவும் முடிந்தது. ஒவ்வொரு அளவும் அந்த நிமிடத்தில் உண்மைதான், கூட்டுத்தொகை மட்டும் பொய். நம் குடோன்களுக்கு நடுவில் குழாய் இல்லை, ஆனால் டெம்போ இருக்கிறது.

இங்கேயும் வங்கி இந்த இருப்பைப் பார்த்துத்தான் நடைமுறை மூலதனம் கொடுக்கிறது. கம்பெனிகளின் ஆடிட்டர்களுக்காக 2020-ல் வந்த அறிக்கை ஆணைப்படி, நேரடி எண்ணிக்கைக்கும் புத்தகத்துக்கும் ஏதாவது ஒரு வகைச் சரக்கில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்ததா, வந்திருந்தால் கணக்கில் முறையாகச் சரிசெய்யப்பட்டதா என்று ஆடிட்டர் சொல்லியாக வேண்டும். அந்த ஆணைக்கு உட்பட்ட கம்பெனியில், எங்கள் 32 மூட்டை மாதிரி ஒரு பொய்க் குறைவு சின்ன இருப்பு உள்ள வகையில் வந்திருந்தால், அது நேராக அறிக்கையில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆடிட்டர் வீட்டுப் பிள்ளைகள் வரும்போது இரண்டு திசையிலும் சோதிப்பார்கள். தாளில் உள்ள ஒரு சீட்டு எண்ணை எடுத்து அந்த அடுக்கைக் காட்டச் சொல்வார்கள்; இல்லாத சரக்கு எழுதப்பட்டிருந்தால் அங்கே பிடிபடும். பிறகு குடோனில் ஏதோ ஒரு மூலையைக் காட்டி, இது தாளில் எங்கே என்பார்கள். எழுதாமல் விட்ட சரக்கு அங்கே பிடிபடும். வெளியிலிருந்து திறக்கும் வாய்ப்புள்ள மேல்வரிசைப் பெட்டிகளை மட்டும் பார்க்காமல், நடுவில் ஒன்றை உருவச் சொல்வார்கள். அடுக்கின் நடுவே வெற்றிடம் விட்டுச் சுற்றிலும் பெட்டி அடுக்குவது பழைய தந்திரம்.

வித்தியாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுவது நல்லது என்பேன். முதலில் வேறொரு குழு மறுபடி எண்ணும். அதிலும் வந்தால் கடைசி எண்களுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பத்துச் சீட்டுகளையும், கேட் நோட்டையும், ஜாப் ஒர்க் கடிதங்களையும் பார்ப்பார்கள். அதெல்லாம் முடியும் வரை யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. எங்கள் ஸ்டோர் அண்ணனுக்கு அந்த ஒரு வாரம் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கணக்கு ஒத்துப்போன அன்று முதலாளி அவரை அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் அறிவிப்பு எழுதும்போது அவரையே பக்கத்தில் உட்கார வைத்தேன். மேற்கு ஷெட், கயிறு, மழை பெய்தால் மூடத் தார்ப்பாய், மூன்றும் அவர் சொல்லிச் சேர்த்தவை.

கடைசிச் சீட்டு திரும்பி வந்து, ஆடிட்டர் ஆபீஸ் ஆள் கையெழுத்திட்ட பிறகு விடுவிப்புத் தாள் ஒட்டப்படும், மணியோடு. அதற்குப் பிறகுதான் மேற்கு ஷெட்டின் கயிற்றை அவிழ்ப்பார்கள். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்த மூட்டைகளை எண்ணி, புது வருடத்தின் முதல் வரவுச் சீட்டில் ஸ்டோர் அண்ணன் பதிவார்.